0.2% ஆஃப்செட் முறையில் யீல்டு வலிமை: கிராஃபைப் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இழுவிசைச் சோதனையின் தகைவு-திரிபு கிராஃபில் கோடு எங்கே வளையத் தொடங்குகிறதோ அதுதானே யீல்டு? அதைக் கண்ணால் பார்த்தால் போதாதா, இந்த ஆஃப்செட் எதற்கு?

பத்துப் பேரிடம் ஒரே கிராஃபைக் கொடுத்து "எங்கே வளைகிறது, புள்ளி வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், பத்து இடத்தில் புள்ளி வரும். அலுமினியக் கலவை, எவர்சில்வர், டைட்டேனியம் போன்றவற்றில் நேர்கோடு ஒரு முனையில் சட்டென்று முறிந்து வளைகோடாக மாறுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போகும். எங்கே சாயத் தொடங்கியது என்பதற்கான விடை பொருளைவிட அதிகமாக, உங்கள் கருவி எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது, கிராஃபை எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கும். மாதிரியின் நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் நுணுக்கமாக ஆக ஆக "வளையத் தொடங்கும் இடம்" கீழே இறங்கிக்கொண்டே போகும்.

அதனால் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். எங்கே வளையத் தொடங்கியது என்று கேட்காமல், எந்தத் தகைவில் 0.2% அளவுக்கு நிரந்தரத் திரிபு சேர்ந்திருக்கிறது என்று கேட்டால், அதற்கு யார் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும். ரிப்போர்ட்டில் `Rp0.2` என்று பார்ப்பது இதைத்தான்.

0.2%-லிருந்து நேர்ப்பகுதிக்கு இணையாக ஒரு கோடு போடச் சொல்கிறார்களே, அந்த இணைகோடு எதற்கு? திரிபு அச்சில் 0.2%-க்கு நேரே செங்குத்தாக ஒரு கோடு போட்டு, கிராஃபை எங்கே வெட்டுகிறதோ அதை எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துப் பாருங்கள், அலுமினியத்தில் கிடைப்பது 138 மெகாபாஸ்கல்தான். அதன் யங் குணகம், அதாவது நேர்ப்பகுதியின் சரிவு, சுமார் 69 கிகாபாஸ்கல், அதை 0.002-ஆல் பெருக்கினால் 138. அந்த இடத்தில் நல்ல கலவை ஒன்று இன்னும் முழுக்க முழுக்க மீள்நிலையிலேயே இருக்கும், சுமையை எடுத்தால் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். யீல்டுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

மாதிரியை யீல்டுக்கு மேலே கொஞ்சம் இழுத்துவிட்டுச் சுமையை இறக்கினால் அது வந்த வழியே திரும்பாது. ஆரம்ப நேர்ப்பகுதியின் அதே சரிவில், அதற்கு இணையாக இறங்கி, சுமை பூஜ்ஜியமாகும்போது திரிபு அச்சில் பூஜ்ஜியத்துக்கு வலப்பக்கம் எங்கேயோ வந்து நிற்கும். அந்த இடைவெளிதான் நிரந்தரத் திரிபு. இப்போது இதையே தலைகீழாக யோசியுங்கள்: திரிபு அச்சில் 0.2%-ல் நின்றுகொண்டு, எந்த இடத்திலிருந்து இறங்கியிருந்தால் நான் இங்கே வந்திருப்பேன் என்று கேட்டால், அதே சரிவில் மேலே ஏற வேண்டும். ஏறிப் போய் கிராஃபைத் தொடும் இடம்தான் விடை. ஆக, நாம் போடும் இணைகோடு என்பது நாம் செய்யாமல் விட்ட ஒரு இறக்கத்தின் பாதை. இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற சந்தேகங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

கறாராகச் சொன்னால், உண்மையான இறக்கப் பாதை ஆரம்பச் சரிவைவிட மிக லேசாகச் சாய்ந்திருக்கும். யீல்டு கணக்குக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

0.2 என்பது எங்கிருந்து வந்தது?

இயற்கை விதி ஒன்றும் கிடையாது, ஒப்புக்கொண்ட அளவு, அவ்வளவுதான். நம்பிக்கையாக அளக்க முடிகிற அளவுக்குப் பெரியது, வடிவமைப்பவர் கவலைப்படாத அளவுக்குச் சிறியது. வேறு அளவும் வைக்கலாம், 0.1% கேட்கும் விவரக்குறிப்புகளும் உண்டு. எந்த ஆஃப்செட் என்று சொல்லாமல் யீல்டு எண்ணை மட்டும் கொடுத்தால் அது அரைகுறைத் தகவல்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 0.2% என்றால் திரிபில் 0.002. அச்சு சதவீதத்தில் இருந்தால் 0.2-ல் தொடங்குங்கள், வெறும் மி.மீ./மி.மீ. என்று இருந்தால் 0.002-ல் தொடங்குங்கள். வெறும் எண் அச்சில் 0.2-ல் தொடங்கினால் அது 20% திரிபு, பல உலோகங்கள் அதற்குள் அறுந்தே போயிருக்கும்.

உண்மையான எண்களை வைத்து ஒரு முறை போட்டுக் காட்டுவீர்களா?

அலுமினியக் கலவையில் கடைந்த உருளை மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விட்டம் 12.5 மி.மீ., எக்ஸ்டென்சோமீட்டர் நீட்சியை அளக்கும் பகுதியின் நீளம், அதாவது கேஜ் நீளம், 50 மி.மீ. குறுக்குப் பரப்பு 122.72 சதுர மி.மீ. சோதனையின் முதல் பகுதியிலிருந்து சில புள்ளிகள் மட்டும் கீழே இருக்கின்றன. கணக்குக்காக அமைத்த எண்கள்தான், ஆனால் 6061-டி6 வகைக் கலவையில் இந்த மாதிரித்தான் வரும்.

| சுமை, கிலோநியூட்டன் | நீட்சி, மி.மீ. | தகைவு, மெகாபாஸ்கல் |
|---|---|---|
| 10 | 0.079 | 81.5 |
| 15 | 0.109 | 122.2 |
| 20 | 0.138 | 163.0 |
| 25 | 0.168 | 203.7 |
| 30 | 0.204 | 244.5 |
| 32 | 0.233 | 260.8 |
| 33 | 0.259 | 268.9 |
| 34 | 0.302 | 277.1 |
| 35 | 0.371 | 285.2 |

முதலில் சரிவு. 10-லிருந்து 20 கிலோநியூட்டன் வரை போகும்போது நீட்சி 0.079-லிருந்து 0.138-க்கு, அதாவது 0.059 மி.மீ. கூடுகிறது. ஒரு கிலோநியூட்டனுக்கு 0.0059 மி.மீ. இதையே தகைவு, திரிபாக மாற்றினால் 81.5 மெகாபாஸ்கலுக்கு 0.00118 திரிபு, வகுத்தால் சுமார் 69 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு வர வேண்டியதே இதுதான், ஆகவே எக்ஸ்டென்சோமீட்டரை நம்பி மேலே போகலாம்.

அடுத்து, இந்த நேர்கோட்டைக் கீழே நீட்டினால் சுமை பூஜ்ஜியத்தில் எங்கே போய் நிற்கிறது? 10 கிலோநியூட்டனுக்கு 0.059 மி.மீ. போக வேண்டியது, ஆனால் அட்டவணையில் 0.079 இருக்கிறது. ஆக 0.020 மி.மீ. அதிகமாகவே தொடங்கியிருக்கிறோம். உண்மையான பூஜ்ஜியம் 0.020-ல் இருக்கிறது. ஏன் இப்படி என்பதை அடுத்த கேள்வியில் பார்ப்போம்.

இப்போது ஆஃப்செட். 50 மி.மீ.-யில் 0.2% என்பது 0.100 மி.மீ. உண்மையான பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் இணைகோடு 0.120 மி.மீ.-யில் கிளம்பும், ஒவ்வொரு கிலோநியூட்டனுக்கும் 0.0059 மி.மீ. வலப்பக்கம் நகரும்.

இனி எங்கே வெட்டுகிறது என்று தேடுவதுதான் பாக்கி. 34 கிலோநியூட்டனில் இணைகோடு இருக்கும் இடம் 0.120 + 34 × 0.0059 = 0.321 மி.மீ., கிராஃப் இருப்பது 0.302. கிராஃப் இன்னும் கோட்டுக்கு இடப்பக்கம்தான் இருக்கிறது, 0.019 மி.மீ. பாக்கி. 35-ல் இணைகோடு 0.3265, கிராஃப் 0.371. இப்போது 0.0445 தாண்டிப் போய்விட்டது. ஆகவே வெட்டுப்புள்ளி இரண்டுக்கும் நடுவில், 34-க்குப் பக்கமாக இருக்கிறது. விகிதப்படி பார்த்தால் சுமார் 34.3 கிலோநியூட்டன். பரப்பால் வகுத்தால் 279 மெகாபாஸ்கல்.

சரிபார்க்க ஒரு வழி: 279-ஐ 69000-ஆல் வகுத்தால் மீள்திரிபு சுமார் 0.0040. அதோடு நிரந்தரத் திரிபு 0.0020 சேர்ந்தால் 0.0060. வெட்டுப்புள்ளியில் கிராஃபின் மொத்தத் திரிபு, பூஜ்ஜியத்தைத் திருத்தியபின், இதற்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இருக்கிறது.

காகிதத்தில் வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதிரி அறுந்தது வரைக்கும் உள்ள முழு கிராஃபில் இதைச் செய்ய முயலாதீர்கள். திரிபு அச்சு 15% வரை ஓடினால் மீள்பகுதி முழுவதும் இடது ஓரத்தில் தகைவு அச்சோடு ஒட்டிக்கொண்டுவிடும், 0.2% என்பது பென்சில் முனையின் தடிமன்தான் இருக்கும். முதல் 1% திரிபை மட்டும் தனியே விரித்து வரையுங்கள்.

என் கிராஃப் பூஜ்ஜியத்திலிருந்து நேராகக் கிளம்பவில்லை, அடியில் ஒரு சின்ன வளைவு இருக்கிறது. மாதிரியில் கோளாறா?

பெரும்பாலும் மாதிரியில் ஒன்றும் இல்லை. பிடிப்பான்கள் இறுகி அமர்வது, லேசாக வளைந்திருக்கும் மாதிரி நேராவது, எக்ஸ்டென்சோமீட்டரின் கத்திமுனைகள் மேற்பரப்பில் பதிவது, இவையெல்லாம் முதல் சில கிலோநியூட்டனில் நடக்கும். பொருளின் குணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதனால்தான் மேலே உள்ள அட்டவணையில் 10-க்குக் கீழே இருந்த புள்ளிகளை நான் கொடுக்கவே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான்: நல்ல நேர்ப்பகுதியை மட்டும் எடுத்து, அதைக் கீழே நீட்டி, திரிபு அச்சை எங்கே வெட்டுகிறதோ அதையே புதிய பூஜ்ஜியமாக வைத்துக்கொள்ளுங்கள். 0.2%-ஐ அங்கிருந்து எண்ணுங்கள்.

இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு தப்பும்? நம் உதாரணத்தில் இணைகோடு 0.120-க்குப் பதில் 0.100-ல் கிளம்பியிருக்கும், யீல்டு சுமார் 277 என்று வந்திருக்கும். 2 மெகாபாஸ்கல் வித்தியாசம். பெரிதில்லை, ஏனென்றால் இந்தக் கலவையில் அந்த இடத்தில் கிராஃப் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது, கோடு கொஞ்சம் இடம் வலமாக நகர்ந்தாலும் உயரம் அதிகம் மாறாது. ஆனால் யீல்டுக்குப் பிறகும் கிராஃப் விறுவிறுவென ஏறிக்கொண்டே போகும் பொருளில் இதே பிசகு கூடுதலாகக் காட்டும். அடி வளைவு 0.0004-க்குப் பதில் 0.001 அளவுக்கு இருந்தாலோ, ஆஃப்செட்டில் பாதியையே அது விழுங்கிவிடும்.

நேர்கோட்டை எந்தப் புள்ளிக்கும் எந்தப் புள்ளிக்கும் நடுவில் பொருத்த வேண்டும்?

அடி வளைவு முடிந்தபின் தொடங்கி, மேல் வளைவு தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். கேட்க எளிது. நடைமுறையில், எதிர்பார்க்கும் யீல்டில் கால்வாசியிலிருந்து பாதிக்குச் சற்று மேல் வரை எடுத்தால் பெரும்பாலான கலவைகளில் பாதுகாப்பு. நான் பார்ப்பது ஒரே விஷயம்தான்: எடுத்த வரம்பின் மேல் எல்லையைக் கொஞ்சம் கீழே இறக்கினால் சரிவு மாறுகிறதா? மாறாவிட்டால் வரம்பு சரி. இறக்க இறக்கச் சரிவு கூடிக்கொண்டே போனால் வளைந்த பகுதியையும் சேர்த்து அள்ளியிருக்கிறீர்கள்.

நம் அட்டவணையில் 10-லிருந்து 30 வரை எடுத்திருந்தால் சரிவு 65 கிகாபாஸ்கலுக்கு இறங்கியிருக்கும். கோடு கொஞ்சம் அதிகமாகச் சாயும், கிராஃபைச் சற்றுத் தள்ளிப் போய் வெட்டும், யீல்டு 281 பக்கம் வரும். அதாவது சரிவில் 6% பிசகினாலும் யீல்டில் 1% கூடப் பிசகவில்லை. இந்த முறை இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு இந்தப் பொறுமை ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் யீல்டு மாறவில்லையே என்று சரிவைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. எஃகுக்கு 200-லிருந்து 210, அலுமினியத்துக்கு 70-ஐ ஒட்டி, டைட்டேனியத்துக்கு 110-ஐ ஒட்டி கிகாபாஸ்கல் வர வேண்டும். கலவை மாறினாலும் வெப்பச் சிகிச்சை மாறினாலும் இவை அதிகம் அசையாது. அதனால் கையில் இலவசமாகக் கிடைத்திருக்கும் சோதனை இது. ஒவ்வொரு மாதிரிக்கும் யீல்டைப் படிக்கும் முன் இந்த எண்ணைப் படியுங்கள்.

ரிப்போர்ட்டில் அலுமினியத்துக்கு யங் குணகம் 34.5 என்று இருக்கிறது, ஆனால் யீல்டு 270 என்று நம்பும்படியாகத்தான் வந்திருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. 34.5 என்பது 69-ல் சரிபாதி. இப்படி அழகாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் முதல் சந்தேகம் கேஜ் நீளத்தின் மேல்தான். எக்ஸ்டென்சோமீட்டர் 50 மி.மீ., மென்பொருளில் 25 என்று இருக்கிறது. நீட்சியை 25-ஆல் வகுப்பதால் திரிபு எல்லாமே இரட்டிப்பாகிறது, சரிவு பாதியாகிறது.

யீல்டு ஏன் நம்பும்படி வந்தது? மென்பொருள் 0.2% ஆஃப்செட் என்று நினைத்துக்கொண்டு 25 மி.மீ.-யில் 0.2%, அதாவது 0.050 மி.மீ. தள்ளிக் கோடு போட்டிருக்கிறது. உண்மையான 50 மி.மீ.-க்கு அது 0.1%தான். நம் அட்டவணையில் 0.070 மி.மீ.-யில் கோட்டைத் தொடங்கிப் போட்டுப் பாருங்கள், 33.15 கிலோநியூட்டனில் வெட்டும், 270 மெகாபாஸ்கல். ஆக உங்கள் ரிப்போர்ட்டில் `Rp0.2` என்ற பெயரில் `Rp0.1` உட்கார்ந்திருக்கிறது. சரியான எண் 279. 270-க்கும் 279-க்கும் நடுவில் எங்காவது குறைந்தபட்ச வரம்பு இருந்தால் நல்ல பொருளைக் கழித்துக்கட்டியிருப்பீர்கள்.

சரிவு பாதியாக இல்லாமல் வேறு ஏதோ ஒரு விசித்திர எண்ணாக இருந்தால், எக்ஸ்டென்சோமீட்டர் வழுக்கியிருக்கலாம், அல்லது மாதிரி ஒரு பக்கமாக வளைந்து இழுபட்டிருக்கலாம். வழுக்கினால் கிராஃபில் திடீரென்று ஒரு படி தெரியும், சுமை ஏறாமல் திரிபு மட்டும் தாவியிருக்கும், சில நேரம் பின்னோக்கியும் போகும். வளைவு இருந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் மாட்டும் எக்ஸ்டென்சோமீட்டர் அந்தப் பக்கத்தின் கதையை மட்டும்தான் சொல்லும். கருவியை எதிர்ப்பக்கம் மாட்டி, மீள்நிலைக்குள்ளேயே இன்னொரு முறை இழுத்து, சரிவு மாறுகிறதா என்று பாருங்கள்.

எங்கள் இயந்திரத்தில் எக்ஸ்டென்சோமீட்டர் கிடையாது, மாதிரியை இழுக்கும் கிராஸ்ஹெட்டின் நகர்வு மட்டும்தான் பதிவாகிறது. அதை வைத்து 0.2% போடலாமா?

விவரக்குறிப்புக்கு ஒப்பிட்டுச் சான்று கொடுக்க என்றால், வேண்டாம். வகுப்பறைக்கோ, ஒரு பொருளை இன்னொன்றோடு தோராயமாக ஒப்பிடவோ என்றால், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யலாம்.

கிராஸ்ஹெட் நகர்வில் மாதிரியின் நீட்சி மட்டும் இல்லை. சட்டம், திருகுகள், சுமை உணரி, பிடிப்பான் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இழுபடும், அவை எல்லாம் சேர்ந்து மாதிரியைவிடப் பல மடங்கு நீளக்கூடும். நம் மாதிரியையே கிராஸ்ஹெட் நகர்வால் அளந்து, கிலோநியூட்டனுக்கு 0.030 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். மாதிரியின் நடுவில் ஒரே விட்டத்தோடு ஓடும் இணைப்பகுதியின் நீளம் 60 மி.மீ. என்றால் சரிவு சுமார் 16 கிகாபாஸ்கலாகத் தெரியும்.

இதில் பலர் செய்வது என்னவென்றால், அலுமினியத்துக்கு 69 என்று புத்தகத்தில் இருக்கிறதே என்று அந்தச் சரிவில் 0.2%-லிருந்து கோடு போடுவது. சரிவு 16 உள்ள கிராஃபின் மேல் சரிவு 69 உள்ள கோடு உடனே போய் மோதும். கணக்குப் போட்டால் 43 மெகாபாஸ்கல் வருகிறது. அபத்தம்.

கிராஃபில் தெரியும் சரிவிலேயே இணைகோடு போட்டால் நிலைமை எதிர்பாராத அளவுக்கு நன்றாக இருக்கும். இயந்திரத்தின் நீட்சி சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்வரை அது நேர்கோட்டிலும் இருக்கிறது, இணைகோட்டிலும் இருக்கிறது, கழிந்துபோகிறது. மிஞ்சுவது மாதிரியின் நிரந்தர நீட்சிதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. நிரந்தரத் திரிபு இணைப்பகுதி முழுவதிலும் நடக்கிறது, ஆகவே 0.2%-ஐ 50-க்கு எண்ணாமல் 60-க்கு எண்ண வேண்டும், அதாவது 0.12 மி.மீ. இரண்டாவது, பிடிப்பானில் வழுக்கலோ மெதுவாக இறுகுதலோ இருக்கக் கூடாது. அது சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்காது, இறக்கும்போது திரும்பியும் வராது, அதனால் கழியாது. ஆப்பு வடிவப் பிடிப்பான்களில் இந்த இரண்டாவது நிபந்தனை அடிக்கடி உடையும். அப்போது வரும் எண்ணை எந்தத் தந்திரமும் காப்பாற்றாது.

மைல்டு ஸ்டீலுக்கும் இதே முறைதானா?

கிராஃப் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நேர்கோடு ஒரு உச்சத்துக்குப் போய், சட்டென்று விழுந்து, கொஞ்சதூரம் கிட்டத்தட்டக் கிடையாக ஓடி, அப்புறம் மறுபடி ஏறினால், பொருளே தன் யீல்டைக் காட்டிவிட்டது. அங்கே ஆஃப்செட் தேவையில்லை. உச்சத்தை மேல் யீல்டு `ReH` என்றும், கிடையாக ஓடும் பகுதியின் குறைந்த தகைவைக் கீழ் யீல்டு `ReL` என்றும் படிக்க வேண்டும். சுமை விழுந்த உடனே ஊசி ஒரு முறை அளவுக்கு மீறிக் கீழே துள்ளினால் அந்தத் துள்ளலைக் கீழ் யீல்டாக எடுக்கக் கூடாது.

அதில் 0.2% கோடு போட்டாலும் அது கிடைப்பகுதியில் எங்கேயாவது போய் இடிக்கும், கீழ் யீல்டை ஒட்டிய எண் வரும். மேல் யீல்டைக் கேட்டவருக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் அவர் கேட்டது கிடைக்காது. ஒரே எஃகைக் குளிர்நிலையில் உருட்டினாலோ இழுத்தாலோ இந்த உச்சமும் கிடைப்பகுதியும் மறைந்துபோகும், அப்போது ஆஃப்செட் முறைக்குத் திரும்ப வேண்டியதுதான். பொருளின் பெயரைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வளைகோட்டின் வடிவத்தைப் பாருங்கள்.

நேர்ப்பகுதியே இல்லை என்றால்? மென்மையாக்கிய செம்பில் ஆரம்பத்திலிருந்தே வளைந்துதான் போகிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, சுமையோடு உள்ள மொத்தத் திரிபு 0.5% ஆகும் இடத்தின் தகைவை எடுப்பது. இதில்தான் முதலில் கேட்ட செங்குத்துக் கோடு வருகிறது, ஆனால் 0.5%-ல். செம்புக் கலவைகளிலும் குழாய் எஃகிலும் இதைக் கேட்பார்கள். அப்படிச் செய்தால் ரிப்போர்ட்டில் 0.2% ஆஃப்செட் என்று எழுதாமல் `Rt0.5` என்று எழுத வேண்டும், இரண்டும் வேறு.

இன்னொன்று, சரிவை நாமே உண்டாக்கிக்கொள்வது. எதிர்பார்க்கும் யீல்டைச் சற்றுத் தாண்டும்வரை இழுத்து, சுமை அப்போது இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். கிராஃபில் ஒல்லியான ஒரு வளையம் கிடைக்கும், அதன் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கோட்டின் சரிவையே இணைகோட்டுக்குப் பயன்படுத்துங்கள். ஐஎஸ்ஓ 6892-1 இதை அனுமதிக்கிறது. ஆஃப்செட் கோடு ஒரு இறக்கப் பாதை என்று மேலே சொன்னேனே, இங்கே அந்த இறக்கத்தை நிஜமாகவே செய்துவிடுகிறோம்.

சாம்பல் வார்ப்பிரும்பில் இந்த வேலையே வேண்டாம். நேர்ப்பகுதியும் கிடையாது, அறுபடும் திரிபும் 1%-க்குள்தான். அங்கே இழுவிசை வலிமையை மட்டும் சொல்வதுதான் வழக்கம்.

இதைக் கையால் போடாமல் சின்ன நிரலில் செய்ய முடியுமா?

மேலே உள்ள அட்டவணைக்கு இது போதும். முதல் மூன்று புள்ளிகளில் நேர்கோட்டைப் பொருத்தி, பூஜ்ஜியத்தைத் திருத்தி, இணைகோட்டுக்கும் கிராஃபுக்கும் உள்ள இடைவெளி எங்கே குறி மாறுகிறது என்று தேடுகிறது.

```python
import numpy as np

F = np.array([10, 15, 20, 25, 30, 32, 33, 34, 35])
d = np.array([.079, .109, .138, .168, .204,
              .233, .259, .302, .371])
s = F * 1000 / 122.72
e = d / 50.0

E, c = np.polyfit(e[:3], s[:3], 1)
e0 = -c / E
gap = s - E * (e - e0 - 0.002)
i = np.where(gap < 0)[0][0]
t = gap[i-1] / (gap[i-1] - gap[i])
print(E, s[i-1] + t * (s[i] - s[i-1]))
```

சரிவு 69050-ஐ ஒட்டியும் யீல்டு 279.5-ஐ ஒட்டியும் வரும். நிஜத் தரவில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருக்கும், இரைச்சலும் இருக்கும். எக்ஸ்டென்சோமீட்டர் ஒரு முறை துள்ளினால் `gap` அங்கேயே எதிர்க்குறி ஆகி, யீல்டு அபத்தமாகக் கீழே வரும். ஆகவே எண்ணை மட்டும் அச்சிட்டுவிட்டு நிறுத்தாமல், கிராஃபையும் இணைகோட்டையும் சேர்த்து வரைந்து கண்ணால் ஒரு முறை பாருங்கள்.

ஒரே கம்பியிலிருந்து எடுத்த இரண்டு மாதிரிகளில் 5 மெகாபாஸ்கல் வித்தியாசம் வருகிறது. கோட்டை வேறு விதமாகப் போட்டால் சரியாகுமா?

கோட்டை விடுங்கள், மைக்ரோமீட்டரை எடுங்கள். விட்டம் 12.4 மி.மீ. உள்ள மாதிரிக்குப் படத்தில் உள்ள 12.5-ஐயே தட்டச்சு செய்திருந்தால் பரப்பு 1.6% கூடிவிடும், தகைவு அதே அளவு குறையும். 284 இருக்க வேண்டியது 279 ஆகத் தெரியும். அடி வளைவைத் திருத்தாமல் விட்டதால் வந்த பிசகைவிட, சரிவைத் தப்பாக எடுத்ததால் வந்ததைவிட, இது பெரிது. கிராஃபோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு விட்டத்தைப் படத்திலிருந்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். இணைப்பகுதியில் மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளந்து பாருங்கள்.

விட்டம் சரியாக இருந்தால் அடுத்தது வேகம். வேகமாக இழுத்தால் யீல்டு ஏறும், எஃகில் இது நன்றாகவே தெரியும். ஐஎஸ்ஓ 6892-1-ல் திரிபு வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையில், ஆஃப்செட் யீல்டைக் கடக்கும்வரை வினாடிக்கு 0.00025 என்று வைப்பது வழக்கம், முன்னும் பின்னும் 20% வரை போகலாம். இரண்டு மாதிரிகளும் ஒரே வேகத்தில்தான் இழுக்கப்பட்டனவா என்று பதிவைப் பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் 279, 284 என்றே வருகிறது என்றால், அது கம்பியிலேயே உள்ள ஏற்ற இறக்கமாக இருக்கலாம், இரண்டு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். 279.45 என்று இரண்டு தசமம் வேண்டாம், முழு மெகாபாஸ்கலுக்குச் சுருக்கினால் போதும். பக்கத்தில் ஆஃப்செட் 0.2%, கேஜ் நீளம் 50 மி.மீ., அளந்த விட்டம், இழுத்த வேகம், இவற்றையும் எழுதிவிட்டால் அடுத்தவர் அதே மாதிரியை மறுபடி சோதிக்கும்போது எங்கே வேறுபட்டது என்று தேட ஒரு பிடி இருக்கும்.